பெயர் போட்டுச் சேமித்தும் எண்ணாகவே தெரிகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெயர் போட்டுத்தானே சேமித்தேன்? அழைப்பு வரும்போது வெறும் எண் ஏன் தெரிகிறது?

நீங்கள் போட்ட பெயர் அழைப்போடு பயணம் செய்வதில்லை. தொலைபேசி நிறுவனத்திலிருந்து உங்கள் போனுக்கு வருவது பெரும்பாலும் எண் மட்டும்தான். மணி அடிக்கத் தொடங்கும் அந்த நொடியில் போன் அந்த எண்ணை எடுத்துக்கொண்டு உங்கள் தொடர்புப் பட்டியலுக்குள் தேடுகிறது. கிடைத்தால் பெயரைக் காட்டும். கிடைக்காவிட்டால் கையில் இருக்கும் எண்ணை அப்படியே காட்டும்.

தேடல் தோற்பதற்குப் பெரும்பாலான நேரம் காரணம் ஒன்றே: வந்த எண்ணும் நீங்கள் சேமித்த எண்ணும் வேறு வேறு விதமாக எழுதப்பட்டிருக்கின்றன. ஓர் இந்தியக் கைப்பேசி எண்ணை வெறும் 10 இலக்கமாக எழுதலாம். முன்னால் 0 போட்டு எழுதலாம். 91 சேர்க்கலாம், +91 சேர்க்கலாம், 0091 என்றும் தொடங்கலாம். நமக்கு எல்லாம் ஒரே ஆள். இயந்திரத்துக்கு ஐந்து வெவ்வேறு எழுத்துச் சரங்கள்.

இதைச் சமாளிக்க ஆண்ட்ராய்டு இரண்டு வழிகளை வைத்திருக்கிறது. முதலாவது, நீங்கள் எண்ணைச் சேமிக்கும்போதே நாட்டுக் குறியீட்டுடன் கூடிய முழு வடிவம் ஒன்றையும் தானாக உருவாக்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்வது. அந்த நேரத்தில் போன் எந்த நாட்டில் இருப்பதாக நினைக்கிறதோ அந்த நாட்டுக் குறியீடுதான் சேரும். இரண்டாவது, வலக் கோடியிலிருந்து இடப்பக்கமாக இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டுப் பார்ப்பது. நெடுங்காலமாக இந்த ஒப்பீட்டுக்குக் குறைந்தபட்சம் 7 இலக்கங்கள் பொருந்தினால் போதும் என்று வைத்திருந்தார்கள். புதிய பதிப்புகளில் இந்த அளவைக் கூட்டியிருக்கிறார்கள். முன்னால் மிஞ்சுவது வெறும் 0 அல்லது நாட்டுக் குறியீடு என்றால் அதைப் பொருட்படுத்தாது.

பழைய டைரியிலிருந்து எண்களை ஏற்றியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். தமிழ்நாட்டின் பல சிற்றூர்களில் தரைவழி எண் 6 இலக்கம். அதற்கு முன்னால் பகுதிக் குறியீடு. டைரியில் பகுதிக் குறியீடு இருக்காது, உள்ளூர்தானே என்று விட்டிருப்பார்கள். அந்த 6 இலக்கத்தை மட்டும் போனில் சேமித்தால், அங்கிருந்து வரும் அழைப்பு முழு எண்ணோடு வந்து நிற்கும். பொருந்துவது 6 இலக்கம். வேண்டியது அதற்கு மேல். பெயர் வராது. கோவையில் நிலைமை தலைகீழ். அங்கே 0422க்குப் பின் 7 இலக்கம். பகுதிக் குறியீடு இல்லாமல் சேமித்த 7 இலக்க எண், 7 போதும் என்று இருந்த போன்களில், அதே 7 இலக்கத்தில் முடியும் யாரோ ஒருவரின் கைப்பேசி எண்ணோடும் பொருந்திவிடும். அப்போது தெரிவது வெறும் எண்கூட இல்லை, தவறான பெயர். அது எண்ணைவிட மோசம்.

அழைப்பில் பெயர் சரியாக வருகிறது. வாட்ஸ்அப்பில் மட்டும் எண்தான். ஒரே போன், ஒரே பட்டியல்தானே?

பட்டியல் ஒன்றுதான், வாசிக்கிறவர்கள் இரண்டு பேர். போனின் அழைப்புச் செயலி வலக் கோடி இலக்கங்களைப் பார்த்துக் கொஞ்சம் தாராளமாக முடிவெடுக்கும். வாட்ஸ்அப் அப்படிச் செய்ய முடியாது. உலகம் முழுவதும் உள்ள கணக்குகளில் ஒன்றைச் சரியாகக் கண்டுபிடிக்க அதற்கு முழு எண் வேண்டும். நாட்டுக் குறியீடு இல்லாத எண்ணைப் பார்த்தால், உங்கள் சொந்த வாட்ஸ்அப் எண் எந்த நாட்டுடையதோ அதே நாட்டு எண்ணாக எடுத்துக்கொள்ளும்.

என் சித்தப்பா மகன் துபாய்க்குப் போனபோது நடந்ததைச் சொல்கிறேன். இந்தியாவில் இருந்தவரை அவனுக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே போய் உள்ளூர் சிம் வாங்கி, வாட்ஸ்அப் எண்ணையும் அந்த ஊர் எண்ணுக்கு மாற்றினான். மறுநாள் காலையில் அரட்டைப் பட்டியலைத் திறந்தால் அம்மா, தங்கை, நண்பர்கள் எல்லாரும் +91 என்று தொடங்கும் எண்களாக நிற்கிறார்கள். செய்திகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன, பெயர்கள் மட்டும் இல்லை. போன் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு என்னை அழைத்தான்.

பட்டியலைத் திறந்து பார்க்கச் சொன்னேன். அம்மாவின் எண் 10 இலக்கமாக இருந்தது. இந்திய எண்ணோடு வாட்ஸ்அப் இருந்தவரை அதற்கு முன்னால் +91 என்று தானே சேர்த்துக்கொண்டது. அது சரியாகப் பொருந்தியது. எண் மாறியதும் அதே 10 இலக்கத்துக்கு முன்னால் +971 சேரத் தொடங்கியது. ஐக்கிய அரபு அமீரகத்தில் கைப்பேசி எண்ணே 0 நீங்கலாக 9 இலக்கம்தான். ஆகவே அப்படி ஓர் எண் இருக்கவே முடியாது. அரட்டையோ இன்னும் அம்மாவின் உண்மையான +91 எண்ணோடுதான் கட்டப்பட்டிருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு அறுந்தது, பெயர் போனது. அவன் பட்டியலில் பெயர் மாறாமல் நின்றவர்கள் யார் என்று பார்த்தோம்: முன்பே +91 போட்டுச் சேமித்திருந்த ஒன்பது பேர். அம்மா சாதாரண அழைப்பில் கூப்பிட்டபோது பெயர் வந்தது. அங்கே வலக் கோடி ஒப்பீடு காப்பாற்றிவிட்டது. இந்த வேறுபாடே நோயைச் சொல்லிவிடும்: அழைப்பில் பெயர், வாட்ஸ்அப்பில் எண் என்றால் முதலில் நாட்டுக் குறியீட்டைப் பாருங்கள்.

இலங்கையிலிருந்து போகிறவர்களுக்கும் இதே கதைதான். 077 என்று தொடங்கும் எண்ணில் முன்னால் உள்ள 0 உள்நாட்டுக்கு மட்டும் உரியது. முழு வடிவத்தில் அதை எடுத்துவிட்டு +94 77 என்று எழுத வேண்டும். 0ஐ விட்டுவைத்து +94 077 என்று எழுதியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எண் சரியாக இருந்தும் பெயர் வரவில்லையென்றால் அனுமதியைப் பாருங்கள். தொடர்புகளைப் படிக்கும் அனுமதி வாட்ஸ்அப்புக்கு இல்லையென்றால் எல்லாருமே எண்ணாகத்தான் தெரிவார்கள். ஐபோனில் 2024இல் வந்த ஐஓஎஸ் 18 முதல், முழுப் பட்டியலையும் கொடுக்காமல் தேர்ந்தெடுத்த சிலரை மட்டும் ஒரு செயலிக்குக் காட்டும் வசதி இருக்கிறது. அப்படித் தேர்ந்தெடுத்தவர்கள் பிறகு புதிதாகச் சேமிக்கும் ஆட்கள் அந்தச் செயலியின் கண்ணில் படமாட்டார்கள். பழையவர்கள் எல்லாம் பெயரோடு இருக்க, நேற்றுச் சேமித்தவர் மட்டும் எண்ணாக நின்றால் காரணம் இதுவாக இருக்கலாம்.

நானூறு எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகத் திறந்து +91 போட வேண்டுமா?

வேண்டாம். ஆனால் மொத்தமாகத் திருத்துவதில் ஒரு பொறி இருக்கிறது, அதனால் நிதானமாகச் செய்யுங்கள்.

கணினியில் `contacts.google.com` தளத்துக்குப் போய்ப் பட்டியலை சிஎஸ்வி கோப்பாக இறக்குங்கள். அதன் நகல் ஒன்றைத் தொடாமல் தனியாக வையுங்கள். கோப்பில் `Phone 1 - Value` என்ற பத்தியில் எண்கள் இருக்கும். ஒருவருக்கு ஒரே வகையில் இரண்டு எண்கள் இருந்தால் அவை ஒரே கட்டத்துக்குள் மூன்று முக்காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்டிருக்கலாம். அதைக் கவனிக்காமல் முன்னால் மட்டும் +91 ஒட்டினால் இரண்டாவது எண் அப்படியே தங்கிவிடும்.

பொறி இதுதான்: விரிதாள் மென்பொருள் அந்தப் பத்தியைக் கணக்குப் போடுகிற எண் என்று நினைத்துக்கொள்ளும். + குறியை விழுங்கிவிடும், முன்னால் உள்ள 0ஐ எடுத்துவிடும், நீளமான எண்ணை 9.19E+11 என்று சுருக்கியும் காட்டும். அந்த நிலையில் சேமித்தால் திரும்ப எடுக்க வழியில்லை. ஆகவே கோப்பை நேரடியாக இருமுறை சொடுக்கித் திறக்காமல், விரிதாளுக்குள் இறக்குமதி செய்யுங்கள். எண் பத்திகளுக்கு உரை என்ற வகையைத் தேர்ந்தெடுத்த பிறகே கை வையுங்கள்.

எல்லா எண்ணுக்கும் +91 ஒட்டுவதும் தவறு. 6, 7, 8, 9 ஆகியவற்றில் தொடங்கும் 10 இலக்கம் என்றால் அநேகமாக இந்தியக் கைப்பேசி, தயங்காமல் ஒட்டலாம். 044 போன்ற பகுதிக் குறியீட்டோடு தொடங்கும் தரைவழி எண்ணில் 0ஐ எடுத்துவிட்டு +91 44 என்று எழுதுங்கள். 1800இல் தொடங்கும் கட்டணமில்லா எண்களையும், மூன்று நான்கு இலக்கச் சேவை எண்களையும் தொடாதீர்கள்.

திருத்திய கோப்பை மறுபடி ஏற்றும்போது அது பழைய பதிவுகளின் மேல் எழுதாது, புதிதாகச் சேர்க்கும். ஒவ்வொருவரும் இரண்டு முறை வந்து நிற்பார்கள். பழையவற்றை நீக்கிவிட்டு ஏற்றுவது சுத்தமான வழி. கை தவறினால் அந்தத் தளத்திலேயே `Undo changes` என்றிருப்பதை அழுத்தி, 30 நாட்களுக்குள் உள்ள ஏதாவது ஒரு நிலைக்குப் பட்டியலைப் பின்னால் இழுக்கலாம்.

நேற்றுவரை பெயர்கள் இருந்தன. இன்று காலையில் பாதிப்பேர் எண்ணாகிவிட்டார்கள். நான் எதையும் அழிக்கவில்லையே?

நீங்கள் அழிக்கவில்லை, ஒரு கணக்கு போயிருக்கும். ஒரே பட்டியலாகத் தெரிவது உண்மையில் பல குவியல்கள்: கூகுள் கணக்கில் சில, சிம்மில் சில, போனிலேயே சில, அலுவலக மின்னஞ்சல் கணக்கில் சில. புதிதாக ஒருவரைச் சேமிக்கும்போது அவர் எந்தக் குவியலுக்குப் போகிறார் என்பதைப் பெரும்பாலும் நாம் பார்ப்பதே இல்லை. கடைசியாக எது இயல்பாக அமைந்திருந்ததோ அதில் போய் விழுவார்.

எனக்கே நடந்தது. ஓர் அலுவலகத்தில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். அவர்களுடைய மின்னஞ்சல் கணக்கை போனில் சேர்த்த நாள் முதல் புதிய தொடர்புகள் அதில்தான் சேமிக்கப்பட்டிருக்கின்றன. குழந்தையின் மருத்துவர், வீட்டுக்காரர், எரிவாயு கொண்டுவருபவர் உட்பட. வேலையை விட்ட மாலையில் கணக்கை நீக்கச் சொன்னார்கள், நீக்கினேன். அத்தனை பெயர்களும் ஒரே நொடியில் போயின. கணக்கோடு வந்தவை கணக்கோடு போகும், அதுதான் ஒத்திசைவின் விதி. பட்டியலின் மூலப்பிரதி சர்வரில் இருக்கிறது. போனில் இருப்பது அதன் நகல்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சிறிய அடையாளம் உண்டு. ஆண்ட்ராய்டு, அழைப்பு வந்த நேரத்தில் கிடைத்த பெயரை அழைப்பு வரலாற்றிலும் குறித்துவைக்கும். அதனால் பழைய அழைப்புகளில் பெயர் சிறிது காலம் ஒட்டிக்கொண்டிருக்கும், புதிய அழைப்பில் எண் வரும். அப்படிக் கண்டால் எண் வடிவத்தில் பிழை இல்லை, பதிவே போய்விட்டது என்று பொருள். பழைய வரலாறு இருக்கும்போதே பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கணக்கு இன்னும் உயிரோடு இருந்தால் திரும்பச் சேர்த்தாலே பெயர்கள் வந்துவிடும். கூகுள் கணக்கில் நீக்கியவை குப்பைத் தொட்டியில் 30 நாட்கள் இருக்கும். அலுவலகக் கணக்கு மூடப்பட்டுவிட்டால் கேட்டு வாங்குவதைத் தவிர வழியில்லை. நான் வீட்டுக்காரரின் எண்ணை வாடகை ஒப்பந்தத்தைத் தேடி எடுத்து எழுதிக்கொண்டேன்.

ஒரே ஆளுக்கு இரண்டு இடங்களில் இரண்டு பெயர் வைத்திருக்கிறேன். போன் எதைக் காட்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

ஆண்ட்ராய்டில் இதற்கு எழுதிவைத்த வரிசை உண்டு. வெவ்வேறு கணக்குகளில் உள்ள பதிவுகளை அது ஒரே ஆளாக இணைக்கும்போது, ஒவ்வொரு பதிவும் தன் பெயரை எங்கிருந்து எடுத்தது என்று பார்த்து மதிப்பெண் போடுகிறது. முறையான பெயர்க் கட்டத்தில் எழுதியதற்கு 40. செல்லப்பெயருக்கு 35, நிறுவனப் பெயருக்கு 30. பெயரே இல்லாமல் எண் மட்டும் இருந்தால் அந்த எண்ணே பெயராகிறது, அதற்கு 20. மின்னஞ்சல் முகவரிக்கு 10. அதிக மதிப்பெண் வாங்கியது திரையில் வரும்.

இதனால் ஒரு விசித்திரம் நடக்கும். அவசரத்தில் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுக் குறிப்பு என்ற கட்டத்தில் 'தச்சர், மேசை செய்தவர்' என்று எழுதிச் சேமிப்பவர்கள் இருக்கிறார்கள். குறிப்புக் கட்டம் இந்த வரிசையிலேயே இல்லை. ஆகவே சேமித்தது உண்மை, எழுதியதும் உண்மை, திரையில் வருவது எண்.

இரண்டு பதிவும் 40 வாங்கினால்? நீங்கள் திருத்தக்கூடிய கணக்கில் இருப்பதற்கு முன்னுரிமை. அதிலும் சமமானால் எது அதிக விவரமாக எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்கும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்த பெயர் வெல்லும். தமிழில் அந்தப் பேதம் இல்லையாதலால் நீளம்தான் மிஞ்சுகிறது. கூகுளில் 'கலா' என்றும் அலுவலகக் கணக்கில் 'கலா அத்தை மதுரை' என்றும் இருந்து இரண்டும் இணைந்தால், நீங்கள் 'கலா' என்று எத்தனை முறை திருத்தினாலும் மதுரை அத்தைதான் வந்து நிற்பார். பதிவைத் திறந்து, இணைந்துள்ள பதிவுகளைப் பிரித்துவிடுவதோ, இரண்டிலும் ஒரே பெயரை எழுதுவதோதான் தீர்வு.

பழைய போனிலிருந்து புதியதுக்கு மாற்றினேன். ஆங்கிலப் பெயர்கள் வந்துவிட்டன, தமிழில் எழுதியவை வெறும் எண்ணாகிவிட்டன. ஏன்?

கோப்பாக ஏற்றியிருந்தால் அதை ஒரு குறிப்பேட்டுச் செயலியில் திறந்து பாருங்கள். இப்படி இருக்கும்:

```
BEGIN:VCARD
VERSION:2.1
N;CHARSET=UTF-8;ENCODING=QUOTED-PRINTABLE:;=E0=AE=95=E0=AE=B2=E0=AE=BE;;;
TEL;CELL:+919XXXXXXXXX
END:VCARD
```

மூன்றாவது வரியில் இருப்பது 'கலா'தான். தொடர்புகளைப் பரிமாறும் விகார்டு கோப்பின் இந்தப் பழைய 2.1 வடிவம் ஆங்கிலம் அல்லாத எழுத்துகளை இப்படிச் சங்கேதமாக எழுதுகிறது. தமிழில் ஒரு குறிக்கு 3 பைட். ஒவ்வொரு பைட்டும் இங்கே 3 எழுத்து இடம் பிடிக்கிறது. 'க' என்ற ஒற்றை எழுத்துக்கு 9 இடம். கொஞ்சம் நீளமான பெயர் என்றால் ஒரு வரியில் அடங்காது; வரியின் கடைசியில் ஒரு = போட்டு அடுத்த வரியில் தொடர்வார்கள். வாங்கும் போன் அந்தத் தொடர்ச்சியைப் புரிந்துகொள்ளாவிட்டால் பெயர் பாதியில் அறுபடும், அல்லது அந்த வரியையே தள்ளிவிடும். எண் இருக்கும் வரிக்கு ஒன்றும் ஆகாது. அதனால்தான் எண் மட்டும் வந்து சேர்கிறது. ஏற்றுமதி செய்யும்போது 3.0 அல்லது 4.0 வடிவம் கிடைத்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். அவற்றில் தமிழ் தமிழாகவே எழுதப்படும். பழைய போனில் அந்த வசதி இல்லையென்றால், அதில் கூகுள் கணக்கைச் சேர்த்துத் தொடர்புகளை அங்கே நகர்த்தி, கோப்பு இல்லாமலேயே மாற்றிக்கொள்ளுங்கள்.

சிம் வழியாக மாற்றியிருந்தால் வேறு சிக்கல். சிம்மில் பெயருக்கு இடம் மிகக் குறைவு. தமிழ் எழுதினால் வழக்கமாகக் குறி ஒன்றுக்கு 2 பைட் போய்விடும், புள்ளியும் கொம்பும் துணைக்காலும் தனித்தனிக் குறிகளாகவே எண்ணப்படும். 14 பைட் இடமுள்ள சிம்மில் 6 குறிக்கு மேல் நிற்காது. 'தமிழ்' என்ற சொல்லே 5 குறி.

காரில் மட்டும் எல்லாரும் எண்ணாக வருகிறார்கள், போனில் பெயர் இருக்கிறது.

புளூடூத்தில் இணையும்போது கார் உங்கள் பட்டியலின் நகல் ஒன்றை இறக்கிக்கொள்ளும். தேடுவது அந்த நகலில். இணைக்கும்போது போன் கேட்ட 'தொடர்புகளைப் பகிரலாமா' என்ற கேள்விக்கு நீங்கள் மறுத்திருந்தால் நகலே இருக்காது. புளூடூத் அமைப்பில் காரின் பெயரைத் திறந்து அந்த அனுமதியைக் கொடுங்கள். அனுமதி இருந்தும் நேற்றுச் சேமித்தவர் மட்டும் வரவில்லையென்றால் இணைப்பைத் துண்டித்து மறுபடி இணையுங்கள்.

வாட்ஸ்அப்பில் பெயர் இருக்கிறது, அவர் சாதாரண அழைப்பில் கூப்பிட்டால் எண் வருகிறது. இது எப்படி?

பெயரை வாட்ஸ்அப்புக்குள் மட்டும் சேமித்திருக்கிறீர்கள். போனின் பட்டியலைத் தொடாமல் அங்கேயே தொடர்பை வைத்துக்கொள்ளும் வசதியை அந்த நிறுவனம் 2024 அக்டோபரில் அறிவித்தது. போன் தொலைந்தாலும் அந்தப் பெயர்கள் திரும்பக் கிடைக்கும் என்பது நல்லதுதான். ஆனால் அழைப்புச் செயலிக்கு அந்தப் பட்டியல் தெரியாது. சேமிக்கும்போது போனிலும் ஒத்திசைக்கும் தேர்வை இயக்கி வையுங்கள்.

குழுக்களில் ~ என்ற குறிக்குப் பின் ஒரு பெயர் தெரிவது இதில் சேராது. அது அவர் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர். யாரும் எதையும் வைத்துக்கொள்ளலாம் என்பதால், அதை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள்.

நான் சேமிக்காத ஒருவர் அழைக்கும்போது பெயர் வந்தது. அது எங்கிருந்து?

அழைப்பவரை அடையாளம் காட்டும் செயலி ஏதாவது போட்டிருந்தால் அதன் சொந்தப் பட்டியலிலிருந்து. அந்த வகைச் செயலி இல்லாமலே வந்தால், தொலைபேசி நிறுவனமே பெயர் அனுப்பும் சேவையாக இருக்கலாம். இந்தியாவில் அப்படி ஒன்றை 2024 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது. சிம் வாங்கும்போது கொடுத்த விண்ணப்பத்தில் உள்ள பெயர் அதில் வரும். மகன் பெயரில் சிம் வாங்கிப் பயன்படுத்தும் அப்பா அழைத்தால், அவரைச் சேமிக்காதவர் போனில் மகன் பெயர் தெரியும்.